ஆத்மகாரகன் காட்டும் தெய்வம்



மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். அறுபது வயதிருக்கும். மடியில் இருந்த துணிப்பையிலிருந்து ஜாதக நோட்டை எடுத்து வைத்தார். நாலு மூலையிலும் தடவிய மஞ்சள் பழுப்பாகிப் போன பழைய நோட்டு. கல்யாணம், பிள்ளைப்பேறு, வீடு என்று எதையும் அவர் கேட்கவில்லை. "எனக்கு இஷ்ட தெய்வம் பெருமாள்தானாம், ஐயா. சின்ன வயதிலிருந்து முருகனைக் கும்பிட்டது எனக்கு ஆகாததாம். படத்தை எடுத்து வைக்கச் சொன்னார்கள், எடுத்துவிட்டேன். ஆனால் விளக்கேற்றும்போது கை தானாக அந்த ஆணி இருக்கிற இடத்துக்கே போகிறது" என்றார்.

சொன்னவர் யார் என்று நான் கேட்கவில்லை, இங்கேயும் அது தேவையில்லை. அவர் சொன்ன காரணம் மட்டும் நோட்டின் பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தது: காரகாம்சம் தனுசு, பன்னிரண்டில் சனி, விஷ்ணு. ஐந்தே சொற்களில் ஒரு பூஜையறையை மாற்றிவிட்டார்கள். ஜைமினி முறையைப் படிக்கிறவன் என்ற முறையில் எனக்கு அது பெரிய வருத்தம். இன்று நான் பேசப்போவது அந்தப் பென்சில் வரியைப் பற்றித்தான். அது எங்கிருந்து வருகிறது, எப்படிக் கணக்கிடுவது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பார்ப்போம்.

முதலில் ஆத்மகாரகன். பராசர முறையில் சூரியன் எல்லோருக்கும் ஆத்மகாரகன், சந்திரன் எல்லோருக்கும் மாதா. அவை மாறாத காரகங்கள். ஜைமினி சொல்வது சர காரகம், அதாவது ஆளுக்கு ஆள் மாறுவது. எந்தக் கிரகம் தான் நிற்கும் ராசிக்குள் அதிகப் பாகை நடந்திருக்கிறதோ அது ஆத்மகாரகன். ராசி எது என்பது கணக்கில்லை. மேஷத்தில் 28 பாகையில் நிற்கும் கிரகம், மீனத்தில் 12 பாகையில் நிற்கும் கிரகத்தைவிட முந்தியது. அடுத்த இடத்தில் வருவது அமாத்திய காரகன், பிறகு சகோதரன், தாய் என்று இறங்கிக்கொண்டே போகும். ஏழு கிரகங்களை எடுப்பதா, ராகுவையும் சேர்த்து எட்டா என்ற கேள்வியைச் சூத்திரமே திறந்து வைத்திருக்கிறது. ஏழு அல்லது எட்டு என்றுதான் அது சொல்கிறது. ராகுவைச் சேர்ப்பவர்கள், அது பின்னோக்கி நகர்வதால், 30 பாகையிலிருந்து ராகுவின் பாகையைக் கழித்து எடுத்துக்கொள்வார்கள்.

நம் வீட்டு ஜாதகங்களில் ஒரு சிக்கல் உண்டு. பழைய நோட்டுகளில் பாகை இருக்காது. ராசிக் கட்டம், அம்சக் கட்டம், கிரகங்களின் நட்சத்திர பாதசாரம், அவ்வளவுதான். ஆனால் பாதசாரத்தை வைத்தே முக்கால்வாசி வேலையை முடித்துவிடலாம். ஒரு ராசிக்கு ஒன்பது பாதம். ஒரு பாதம் 3 பாகை 20 கலை. அந்த ஒரு பாதமே ஒரு நவாம்சமும் ஆகும். ஆகவே ஒவ்வொரு கிரகமும் தன் ராசியில் எத்தனையாவது பாதத்தில் நிற்கிறது என்று எண்ணினால் போதும். கடைசிப் பாதத்தில் ஒரே ஒரு கிரகம் நின்றால் அதுதான் ஆத்மகாரகன், பாகை தேவையே இல்லை. கார்த்திகை 1, மிருகசீரிடம் 2, புனர்பூசம் 3, ஆயில்யம் 4 ஆகியவை முதல் நாலு ராசிகளின் கடைசிப் பாதங்கள். உத்திரம் 1, சித்திரை 2 என்று அதே வரிசை மறுபடி தொடங்கி, ரேவதி 4 வரைக்கும் போகும். இந்தப் பாதங்களில் ஏதாவது கிரகம் இருக்கிறதா என்பதுதான் முதலில் கண் போக வேண்டிய இடம். இரண்டு கிரகங்கள் ஒரே எண்ணிக்கையில் நின்றால் மட்டும் பாகை வேண்டும். அங்கே பாகையில்லாமல் முடிவு சொல்கிறவர் ஊகம் சொல்கிறார்.

ஆத்மகாரகன் நவாம்சத்தில் நிற்கும் ராசிதான் காரகாம்சம். ஜைமினி சூத்திரத்தின் முதல் அத்தியாயம் இரண்டாம் பாதம் முழுக்க இதன் பலன்தான். அந்த ராசியை லக்னம் போல வைத்து, அதிலும் அதற்கு இரண்டு, மூன்று, நாலு என்ற இடங்களிலும் நிற்கும் கிரகங்களைப் பார்த்துக்கொண்டே போகிறார் முனிவர். தொழிலும் கல்வியும் வீடும் நோயும் அங்கே வருகின்றன. பன்னிரண்டாம் இடத்துக்கு வரும்போது பேச்சின் தளம் மாறுகிறது. பன்னிரண்டு விரய ஸ்தானம். உடலும் பெயரும் செலவாகித் தீர்ந்த பிறகு ஆத்மா எங்கே போகும் என்பதை அங்கே வைக்கிறார். கேது அங்கே இருந்தால் கைவல்யம் என்கிறார். அந்த வீடுபேற்றுப் பேச்சை ஒட்டித்தான் தெய்வங்கள் வருகின்றன.

சூரியனாலும் கேதுவாலும் சிவனிடம் பக்தி. சந்திரனால் கௌரியிடம், சுக்கிரனால் லட்சுமியிடம், செவ்வாயால் ஸ்கந்தனிடம். புதனும் சனியும் விஷ்ணுவிடம் சேர்க்கும். குரு சாம்பசிவனிடம் சேர்க்கும். ராகு, தாமச குணத்துத் தேவியிடமும் துர்க்கையிடமும். கேது, கணேசனிடமும் ஸ்கந்தனிடமும். பாப ராசியில் சனியோ சுக்கிரனோ நின்றால் சிறு தெய்வங்களிடம். இது சாரம். பிருஹத் பராசர ஹோரையின் காரகாம்ச அத்தியாயமும் பெரும்பாலும் இதே வழியில்தான் போகிறது.

இதில் குருவையும் சூரியனையும் சற்றுப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் சிவனைத்தான் சொல்கின்றன. ஆனால் சூரியனுக்குச் சிவன், குருவுக்கு சாம்பசிவன். ஸ-அம்ப, அம்பாளோடு கூடிய சிவன். ஒரு சொல்லில் எவ்வளவு துல்லியம்! அம்பாளைத் தவிர்த்துச் சிவனை அடைய முடியாத ஒரு மனசு இருக்கிறது என்று முனிவர் பார்த்திருக்கிறார். இதைச் சற்று நேரத்தில் ஓர் உதாரண ஜாதகத்தில் காட்டுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. "பக்தி" என்ற சொல்லை நான் மாற்றாமல் சொன்னேன். சூத்திரத்தில் இருப்பதும் அதுதான். இன்ன தெய்வத்தை வணங்கு என்று அங்கே கட்டளை இல்லை. வணங்காவிட்டால் கெடுதல் என்று இல்லை. இன்னாரிடம் பக்தி உண்டாகும் என்று மட்டும் இருக்கிறது. தாமரை குளத்தில் பூக்கும் என்பதுபோல ஓர் இயல்பைச் சொல்கிற வாக்கியம் அது. இஷ்ட தெய்வம் என்ற சொல்லே அந்த இடத்தில் கிடையாது. நாம் பிறகு ஒட்டியது. ஒட்டியதில் பிழையில்லை, ஏனென்றால் இஷ்டம் என்றால் விருப்பம், மனசு தானாக நாடுவது. பிழை எங்கே வருகிறதென்றால், விருப்பத்தைக் கண்டுசொல்லும் சூத்திரத்தைப் பரிகாரச் சீட்டாக மாற்றும்போது. குலதெய்வம் பிறப்போடு வருவது. பரிகார தெய்வம் தசாபுக்தியோடு வந்து போவது. காரகாம்சம் சொல்வது இந்த இரண்டும் அல்ல.

சூத்திரங்களைப் படிக்கும்போது இன்னொரு கவனமும் வேண்டும். வீடுகளை எண்ணாகச் சொல்லாமல் எழுத்தாகச் சொல்வது ஜைமினியின் வழக்கம். கடபயாதி என்கிற முறை. தெய்வங்களைச் சொல்லி முடித்த உடனே, அமாத்தியனிலிருந்து "தாஸ" இடத்திலும் இப்படியே பார்க்க வேண்டும் என்று வருகிறது. தாஸன் என்றால் வேலைக்காரன் என்று அகராதியைப் புரட்டினால் வழி தவறிவிடும். த என்ற அந்த எழுத்துக்கு 8, ஸ-வுக்கு 7. வலமிருந்து படித்தால் 78. பன்னிரண்டால் வகுத்தால் மீதி 6. ஆக, அமாத்திய காரகனுக்கு ஆறாம் இடம். காரகாம்சத்துக்குப் பன்னிரண்டு, அமாத்தியனுக்கு ஆறு என்று இரண்டு இடங்களை முனிவர் கொடுத்திருக்கிறார். இரண்டாவதைப் பலர் பார்ப்பதே இல்லை.

இப்போது உதாரணம். சுவாமி விவேகானந்தர், 1863 ஜனவரி 12, கல்கத்தா, விடியற்காலை. மகர சங்கராந்தி நாள். லாஹிரி அயனாம்சப்படி சூரியன் தனுசில் 29 பாகை 24 கலை. இன்னும் 36 கலை நடந்தால் மகரம். அன்று ராத்திரிக்குள் நடந்துவிடும். மற்ற கிரகங்களில் ராசிக்குள் அதிகம் நடந்தது சந்திரன், கன்னியில் 17 பாகை 26 கலை. அதற்குக் கீழே சனியும் புதனும். ராகு விருச்சிகத்தில் 22 பாகை 15 கலை. தலைகீழாக எண்ணினால் 7 பாகை 45 கலைதான். ஆக ஏழு என்று எடுத்தாலும் எட்டு என்று எடுத்தாலும் ஆத்மகாரகன் சூரியன், அமாத்திய காரகன் சந்திரன். சர்ச்சையே வராத அருமையான அமைப்பு.

சூரியன் நிற்பது உத்திராடம் முதல் பாதம், தனுசின் ஒன்பதாவது பாதம். உபய ராசியின் ஒன்பதாவது நவாம்சம் அதே ராசிதான், வர்கோத்தமம். ஆகவே காரகாம்சம் தனுசு. அதற்குப் பன்னிரண்டு விருச்சிகம். நவாம்சக் கட்டத்தில் விருச்சிகத்தில் யார்? துலாத்தில் 4 பாகை 1 கலையில் இருக்கும் குரு. துலாத்தின் முதல் நவாம்சம் துலாம், 3 பாகை 20 கலை தாண்டினால் இரண்டாவது, விருச்சிகம். குரு அங்கே தனியாக உட்கார்ந்திருக்கிறார். சூத்திரப்படி சாம்பசிவன்.

இரண்டாவது வழியையும் போட்டுப் பார்ப்போம். அமாத்தியனான சந்திரன் அஸ்தம் மூன்றாம் பாதம், நவாம்சத்தில் மிதுனம். மிதுனத்திலிருந்து கடகம், சிம்மம், கன்னி, துலாம் என்று எண்ணினால் ஆறாவது விருச்சிகம். மறுபடியும் அதே வீடு, அதே குரு. இரண்டு வழிகளும் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன. நான் முதன்முதலில் இதைத் தாளில் போட்ட ராத்திரி நெடுநேரம் தூங்கவில்லை.

அவர் வாழ்க்கையை நினைத்துக்கொள்ளுங்கள். தாயார் புவனேஸ்வரி தேவி ஆண்பிள்ளை வேண்டிக் காசியில் வீரேஸ்வர சிவனுக்கு வழிபாடு செய்யச் சொல்லியிருந்தார். பிறந்த குழந்தைக்கு வீரேஸ்வரன் என்றே பெயர். பிலே என்று கூப்பிட்டது அதன் குறுக்கம்தான். அந்தப் பிள்ளை வளர்ந்து தட்சிணேசுவரத்துக்குப் போனபோது காளியை ஏற்க மறுத்தது. குருநாதரோடு வாதாடியது. பிறகு ஒரு நாள் ஏற்றது. 1898 ஆகஸ்டில் அமர்நாத் குகையில் பனி லிங்கத்தைத் தரிசித்தார். சீடர் நிவேதிதை கூடப் போயிருந்தார். சில நாட்கள் சுவாமிஜியின் வாயில் சிவன் பேச்சு மட்டும்தான். கொஞ்ச நாளில் அது அம்மா பேச்சாக மாறியது. காளியைப் பற்றிய கவிதை வந்தது. அந்த இலையுதிர் காலத்திலேயே காஷ்மீரத்தில் க்ஷீர பவானி கோயிலுக்குத் தனியாகப் போனார். ஒரே பருவத்தில், ஒரே பள்ளத்தாக்கில், முதலில் சிவன், பிறகு அம்பாள். குரு காட்டியது அம்பாளோடு கூடிய சிவனை.

இது என்னை நெகிழ வைக்கிறது; மறைக்கவில்லை. ஆனால் இதே ஜாதகத்தை வைத்து என்னவெல்லாம் பிசகும் என்பதையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் அந்தப் பென்சில் வரிக்கும் என் பேச்சுக்கும் வித்தியாசம் இல்லாமல் போகும்.

ஒன்று, அயனாம்சம். நம் பஞ்சாங்கங்களில் பல லாஹிரியை எடுக்கின்றன. பி.வி. ராமன் தம் நூல்களில் வேறு அயனாம்சம் எடுத்தார். வித்தியாசம் சுமார் ஒன்றரை பாகை. ராசிபலன் பார்ப்பவருக்கு அது பெரிதில்லை. இங்கே என்ன ஆகிறது பாருங்கள். ராமன் கணக்கில் எல்லாக் கிரகமும் ஒன்றரை பாகை முன்னால் போகும். சூரியன் தனுசைத் தாண்டி மகரத்தில் ஒரு பாகைக்கும் குறைவில் நிற்கும். முதலிடத்தில் இருந்தது கடைசிக்குப் போய்விட்டது! ஆத்மகாரகன் இப்போது சந்திரன். காரகாம்சம் மிதுனம். பன்னிரண்டு ரிஷபம், அதில் சனி. சூத்திரப்படி விஷ்ணு. மனிதர் அவரேதான், பிறந்த நாளும் அதேதான், தெய்வம் மாறிவிட்டது. ராசியின் விளிம்பில் நிற்கிற கிரகம்தான் ஆத்மகாரகன் ஆகும் என்பதால், இந்த ஆபத்து இந்த முறையின் வயிற்றிலேயே இருக்கிறது. அதிகம் நடந்தவன்தான் எல்லையைத் தாண்டப் போகிறவனும். நம் ஊரில் வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சில கிரகங்களில் பாகைக் கணக்கிலேயே வித்தியாசம் வருகிறதே, அங்கேயும் இதே கதைதான்.

இரண்டு, எந்தக் கட்டத்தில் பார்ப்பது. நவாம்சக் கட்டத்திலேயே பன்னிரண்டைப் பார்ப்பவர்கள் ஒரு சாரார். நான் அந்தப் பக்கம். காரகாம்ச ராசியைக் கண்டுபிடித்த பிறகு, அந்த ராசியை ராசிக் கட்டத்தில் லக்னமாக வைத்துப் பார்ப்பவர்கள் இன்னொரு சாரார். அவர்களும் நன்றாகப் படித்தவர்களே. விவேகானந்தருக்கு ராசிக் கட்டத்தில் விருச்சிகத்தில் இருப்பது ராகு. ராகு என்றால் தாமச தேவி, துர்க்கை. உடனே, "அதுதானே, காளி!" என்று சொல்லத் தோன்றுகிறது. தோன்றுகிறதா இல்லையா? அங்கேதான் நிறுத்திக்கொள்ள வேண்டும். சிவன் வேண்டுமென்றால் நவாம்சம், காளி வேண்டுமென்றால் ராசி என்று எடுத்தால், எந்த ஜாதகத்திலும் எந்தத் தெய்வத்தையும் காட்டிவிடலாம். எந்தக் கட்டம், எந்த அயனாம்சம், ஏழா எட்டா என்பதை ஜாதகத்தைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்துகொண்டு, வந்ததை வந்தபடி எழுத வேண்டும். பொருந்தாதபோது பொருந்தவில்லை என்று எழுத வேண்டும்.

மூன்றாவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பன்னிரண்டாம் வீட்டில் கிரகமே இல்லாவிட்டால்? நடைமுறையில் ராசி திருஷ்டியாகப் பார்க்கும் கிரகத்தை எடுப்பார்கள், அல்லது வீட்டு அதிபதியை எடுப்பார்கள். அதிபதியை எடுப்பதுதான் சுலபம் என்பதால் அதுவே பழக்கமாகிவிட்டது. இங்கே ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஆத்மகாரகன் இயல்பாகவே ராசியின் கடைசிப் பகுதியில் இருக்கும். கிரகங்கள் ராசிகளுக்குள் சமமாகப் பரவிக் கிடப்பதாக வைத்தால், ஏழில் ஒன்றாவது ஒன்பதாவது பாதத்தில் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 56. இப்போது பன்னிரண்டு ராசிகளின் ஒன்பதாவது பாதமும் நவாம்சத்தில் எங்கே விழுகிறது என்று எழுதிப் பாருங்கள். மேஷத்துக்குத் தனுசு, ரிஷபத்துக்குக் கன்னி, மிதுனத்துக்கு மிதுனம், கடகத்துக்கு மீனம், பிறகு மறுபடி இதே நாலு. உபய ராசிகளைத் தவிர வேறெங்கும் விழாது. ஆகவே பாதிக்கு மேற்பட்ட ஜாதகங்களில் காரகாம்சம் உபய ராசி, பன்னிரண்டாம் இடம் ஸ்திர ராசி. அதன் அதிபதி செவ்வாய், சூரியன், சுக்கிரன், சனி இந்த நால்வரில் ஒருவர். அதிபதியை மட்டுமே பார்க்கிற ஜோதிடரிடம் போகிறவர்களில் பாதிக்கு மேல் முருகன், சிவன், லட்சுமி, விஷ்ணு இந்த நாலில் ஒன்றோடு திரும்புவார்கள். அவர்களுடைய மனசைப் பார்த்து வந்த விடை அல்ல அது. கட்டத்தின் அமைப்பிலிருந்து வந்த விடை. கௌரியும் சாம்பசிவனும் அங்கே வரவே இடம் குறைவு. அதனால்தான் வீடு காலியாக இருக்கும் ஜாதகத்தில் நான் தயங்குகிறேன். அமாத்தியனுக்கு ஆறாம் இடத்தைப் பார்த்து, அங்கேயும் தெளிவில்லை என்றால் சொல்லாமல் விட்டுவிடுகிறேன்.

இதோடு இன்னொன்றும். இந்த முறையில் லக்னம் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? சந்திரன் ஒரு நவாம்சத்தைக் கடக்க ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். மற்ற கிரகங்களுக்கு நாள் கணக்கில், குரு சனிக்கு வாரக் கணக்கில், மாதக் கணக்கில். சந்திரன் சம்பந்தப்படாத ஜாதகத்தில், பிறந்த நேரம் இரண்டு மணி முன்பின் ஆனாலும் பெரும்பாலும் காரகாம்சம் அசையாது. நேரம் தெரியாதவர்களுக்கு இது வரம். ஆனால் இதன் மறுபக்கம், 1863 ஜனவரி 12 காலையில் பிறந்த அத்தனை குழந்தைகளுக்கும் சூரியன் ஆத்மகாரகன், அத்தனை பேருக்கும் விருச்சிகத்தில் குரு. அத்தனை பேரும் அமர்நாத்துக்குப் போகவில்லை. சிவனைக் கும்பிடாத நாடுகளிலும் அன்று குழந்தைகள் பிறந்தன. ஒரு சாய்வைக் காட்ட முடியும். அந்தச் சாய்வில் எவ்வளவு தண்ணீர் ஓடும், எந்தக் கோயில் குளத்தில் போய்ச் சேரும் என்பதற்குப் பெற்றோரும் குருவும் ஊரும் வேண்டும்.

அந்த அம்மாவின் நோட்டுக்கு வருகிறேன்.

அவருக்குச் செவ்வாய் ஆயில்யம் 4, சுக்கிரன் உத்திரம் 1. இரண்டும் தத்தம் ராசியில் ஒன்பதாவது பாதம். பாகை இல்லாமல் முடிவு சொல்லக் கூடாது என்றேனே, அதே இடம். நோட்டில் பாகை இல்லை. முதலில் பார்த்தவர் சுக்கிரனை ஆத்மகாரகன் ஆக்கியிருந்தார். உத்திரம் 1 நவாம்சத்தில் தனுசு, பன்னிரண்டு விருச்சிகம், அங்கே சனி, விஷ்ணு. நான் திருக்கணிதத்தில் போட்டுப் பார்த்தேன். செவ்வாய் சுக்கிரனைவிட 20 கலை முன்னால் இருந்தது. முழு நிலாவின் அகலம் சுமார் 30 கலை என்றால் இது எவ்வளவு மெல்லிய இடைவெளி என்று பார்த்துக்கொள்ளுங்கள். செவ்வாய் ஆத்மகாரகன் என்றால் காரகாம்சம் மீனம். பன்னிரண்டு கும்பம். அங்கே சந்திரன் மட்டும், சுவாதி 3. கௌரி, அம்பாள்.

"எத்தனை மணிக்குப் பிறந்தீர்கள், அம்மா?" என்று கேட்டேன். வீட்டில் நடந்த பிரசவம். "சேவல் கூவின நேரம்னு எங்கம்மா சொல்லும்" என்றார். நோட்டில் நாழிகை எழுதியிருந்தது, ஆனால் சேவலைக் கேட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும். சந்திரனோ சுவாதி 3-இன் விளிம்பில் நின்றது. ஒரு மணி நேரம் தள்ளிப் பிறந்திருந்தால் நாலாம் பாதம், நவாம்சத்தில் மீனம். கும்பம் காலி. அதிபதி சனி. மறுபடி பெருமாள்.

ஆக அந்த ஜாதகத்தை நான் எப்படிப் புரட்டினாலும் ஒரு வழியில் அம்பாள், ஒரு வழியில் பெருமாள். முருகன் எந்த வழியிலும் வரவில்லை. ஆனால் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரோ ஐம்பது வருஷமாக முருகனைத் தவிர வேறு பெயர் சொல்லாதவர். இந்த நிலையில் ஜோதிடன் செய்ய வேண்டியது என்ன? சூத்திரம் பக்தி உண்டாகும் என்கிறது. பக்தி உண்டாகிவிட்டது, கண்ணெதிரே இருக்கிறது. இருப்பதோடு கணக்கு பொருந்தாவிட்டால் பிசகு கணக்கில். சேவல் நேரத்திலோ, பஞ்சாங்கத்திலோ, நான் எடுத்த முறையிலோ, ஏன், சூத்திரத்தை நான் புரிந்துகொண்டதிலோ. பக்தியைக் கணக்குக்குத் தக்கபடி வெட்டுவது எந்த சாஸ்திரத்திலும் இல்லை.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன், கட்டத்தைக் காட்டியே சொன்னேன். அவருக்குப் பாகையும் கலையும் புரிந்திருக்காது. ஆனால் கடைசியில் நான் சொன்ன, "உங்கள் ஜாதகத்தில் எனக்கு முருகன் கிடைக்கவில்லை, ஆனால் அது என் குறை" என்ற வார்த்தை புரிந்தது. நோட்டை மூடித் துணிப்பையில் வைத்துக்கொண்டார்.

"படம் எங்கே இருக்கிறது, அம்மா?"

"பரண்மேல் வைத்திருக்கிறேன். துணி சுற்றித்தான் வைத்திருக்கிறேன், ஐயா."

"ஆணியைப் பிடுங்கிவிட்டீர்களா?"

"இல்லை" என்றார். "அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை."